நான்கு பக்கம் இல்லாத அறிக்கை



புள்ளியியல் வாத்தியார் ஒருவரை மேடையேற்றினால் கரும்பலகையும் கேட்பார் என்று அழைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பலகை வந்துவிட்டது, நன்றி. இன்று அதில் இரண்டு அட்டவணைகளைத்தான் எழுதப்போகிறேன். ஒரு மணி நேரமும் அவற்றைச் சுற்றியேதான் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பின் திட்ட அறிக்கை என் கைக்கு வந்தது. பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஆறு மாதத்தில் இரத்தசோகை எவ்வளவு குறைந்தது என்று பார்த்த திட்டம். அடுத்த ஆண்டு நிதி தரலாமா என்று முடிவு செய்ய வேண்டிய குழுவில் நானும் இருந்தேன். அனுப்பியிருந்த கோப்பில் நான்காம் பக்கத்துக்கு அடுத்து ஒன்பதாம் பக்கம் இருந்தது. பொருளடக்கத்தைப் பார்த்தேன்: 5 முதல் 8 வரை ‘ஆய்வு முறை’. யார் இரத்தம் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள், எந்தக் கருவியில் பார்த்தார்கள், யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் அட்டவணைகள் வரிசையாகத் தொடங்கின. குழுக் கூட்டம் மறுநாள் காலை.

அமைப்பின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. எண்களைக்கூட இந்த மேடைக்காக மனக்கணக்குக்கு வசதியாக மாற்றி வைத்திருக்கிறேன். ஆகவே இவற்றை எங்கேயும் எடுத்தாள வேண்டாம். அட்டவணையின் அமைப்பும் அது போட்ட புதிரும் மட்டும் அசல்.

முறைப்பகுதி இல்லை என்றால் இருவகையாக நடந்துகொள்வோம். சிலர், முறை தெரியாத எண் செல்லாக்காசு என்று அறிக்கையை மூடி வைப்பார்கள். வேறு சிலர், நல்ல மனிதர்கள், சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்று கடைசிப் பக்கத்து முடிவுரையை அப்படியே ஏற்பார்கள். இரண்டுமே உழைப்பை மிச்சப்படுத்தும் வழிகள். முறை இல்லாத அறிக்கையிலும் சில முடிவுகள் உறுதியாக நிற்கும், சில ஒரு நிபந்தனையோடு நிற்கும், சில நிற்கவே மாட்டா. எது எந்த வகை என்பதை அட்டவணையிலிருந்தே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் என் பேச்சு.

முதல் அட்டவணை இது.

| | திட்டத்துக்கு முன் | ஆறு மாதம் கழித்து |
|---|---|---|
| பரிசோதித்த மாணவிகள் | 240 | 180 |
| சராசரி ஹீமோகுளோபின் (கிராம்) | 11.2 | 11.9 |
| திட்ட விலக்கம் | 1.5 | 1.1 |
| 12 கிராமுக்குக் கீழ் உள்ளோர் | 168 (70%) | 99 (55%) |

கிராம் என்பது ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு. பதின்வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அட்டவணைக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘இரத்தசோகை உள்ள மாணவிகளின் எண்ணிக்கை 168இலிருந்து 99ஆக, அதாவது 41 விழுக்காடு குறைந்தது.’

இந்த வரியைத் தள்ள முறைப்பகுதி தேவையில்லை, மேல்வரியே போதும். முன்னே 240 பேர், பின்னே 180 பேர். அறுபது பேருக்கு இரண்டாம் முறை இரத்தமே எடுக்கவில்லை. எடுக்காத அறுபது பேரையும் குணமானவர்களாகக் கணக்கில் வைத்தால்தான் 41 விழுக்காடு வரும். ஆகவே இந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை என்று அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்தது, 70 விழுக்காடு 55 ஆனது என்ற கூற்று. இது கொஞ்சம் நேர்மையானது, ஆனால் இதற்குள்ளும் அந்த அறுபது பேர் ஒளிந்திருக்கிறார்கள். இரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து கிடக்கும், பள்ளிக்கு அடிக்கடி மட்டம் போடும், இரண்டாம் பரிசோதனை நாளில் வராமல் போகவும் வாய்ப்பு அதிகம். ஓரத்துக்கே போய்ப் பார்ப்போம். வராத அறுபது பேரும் முதலில் இரத்தசோகை இருந்தவர்கள் என்று வையுங்கள். அப்படியானால் வந்த 180 பேரில் முதலிலேயே 168இலிருந்து அறுபதைக் கழித்த 108 பேருக்குத்தான் இரத்தசோகை. அது 60 விழுக்காடு. யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல், வராதவர்களாலேயே 70 என்பது 60 ஆகிவிடும். திட்டத்தின் பங்காக மிஞ்சுவது ஐந்து புள்ளிதான்.

அன்றிரவு நான் இங்கே நின்றுவிடப் பார்த்தேன். ‘விடுபட்டவர்களால் வந்த சாய்வு, முடிவு ஐயத்துக்குரியது’ என்று குறிப்பும் எழுதிவிட்டேன். பதினொன்றாம் பக்கத்தில் இருந்த இரண்டாம் அட்டவணைதான் என் குறிப்பை அடிக்கச் செய்தது. அதையும் எழுதுகிறேன்.

| முதல் அளவீட்டில் இருந்த நிலை | மாணவிகள் | சராசரி மாற்றம் (கிராம்) |
|---|---|---|
| 10க்குக் கீழ் | 36 | 1.6 உயர்வு |
| 10 முதல் 11.9 வரை | 90 | 0.8 உயர்வு |
| 12ம் அதற்கு மேலும் | 54 | 0.2 குறைவு |

முதலில் மாணவிகளைக் கூட்டுங்கள். 36, 90, 54. மொத்தம் 180. அதாவது இரண்டாம் முறை வந்த அதே 180 பேர்தான். இப்போது யோசியுங்கள். முதல் அளவீட்டின்படி ஒரு பெண்ணை ஒரு பிரிவில் வைத்து, பிறகு அவளுடைய மாற்றத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பெண்ணின் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒரே வரியில் பதிவாகியிருக்க வேண்டும். வேறு பிள்ளைகளைப் பிடித்து இரண்டாம் முறை அளந்திருந்தால் இந்த அட்டவணையைப் போட்டிருக்கவே முடியாது. முறைப்பகுதியில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம், ‘அதே மாணவிகளை இருமுறை அளந்தோம்’ என்பது, அட்டவணையின் வடிவத்திலேயே இருக்கிறது.

இன்னொரு கூட்டல். 36ம் 90ம் சேர்ந்தால் 126. வந்த 180 பேரில் முதலிலேயே 12க்குக் கீழ் இருந்தவர்கள் 126 பேர். அது 70 விழுக்காடு. 168இல் 126 போனால் 42. வராத அறுபது பேரில் இரத்தசோகை இருந்தவர்கள் 42 பேர். அதுவும் 70 விழுக்காடு! நான் பயந்தபடி சோர்ந்த பிள்ளைகள் மட்டும் விடுபடவில்லை. தொடக்க நிலையைப் பொறுத்தவரை வந்தவர்களும் வராதவர்களும் ஒரே மாதிரிதான். சராசரியிலும் பார்க்கலாம். மூன்று பிரிவின் மாற்றங்களையும் அந்தந்தத் தலைக்கணக்கோடு பெருக்கிச் சேர்த்தால் சராசரி உயர்வு 0.66 கிராம் வருகிறது. முதல் அட்டவணையின் 0.7 உயர்வோடு அது ஒட்டுகிறது. இரண்டு அட்டவணையும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

ஐயப்படுவதற்கும் ஆதாரம் வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட இரவு அது. முறை இல்லை என்பதற்காக இருக்கிற கெடுதியெல்லாம் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்டவணையே மறுக்கிற கெடுதிகளும் உண்டு.

ஆக, உறுதியான முதல் முடிவு கிடைத்துவிட்டது. இருமுறையும் அளக்கப்பட்ட 180 மாணவிகளில், அளவீட்டின்படி 12 கிராமுக்குக் கீழ் இருந்தவர்கள் 126இலிருந்து 99ஆகக் குறைந்தார்கள். 27 பேர் குறைவு. விழுக்காட்டுக் குறைவு வேண்டுமென்றால் 21. அறிக்கை சொன்ன 41இல் பாதி.

இது தற்செயலாக வந்திருக்குமா என்று மாணவர்கள் கேட்பீர்கள். அறிக்கையில் ‘p 0.001க்குக் கீழ்’ என்று இருந்தது, எந்தச் சோதனை என்று இல்லை. அதுவும் தடையில்லை. ஒவ்வொருவரின் மாற்றத்துக்கும் திட்ட விலக்கம் என்ன என்பது தெரியாது. ஆனால் இந்த 180 பேரின் முதல் சிதறலும் 240 பேருடையதைப் போலவே இருந்தது என்று கொண்டால், அது 1.5ஐயும் 1.1ஐயும் கூட்டிய 2.6ஐத் தாண்ட முடியாது. அந்த ஓரத்தையே எடுத்து 180இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 0.19. கிடைத்த உயர்வு 0.66, அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். மிக மோசமான நிலையிலும் இந்த உயர்வைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். தெரியாததற்கு ஒரு மேல் எல்லை போட முடிந்தால், தெரியாமலேயே முடிவெடுக்கலாம்.

இப்போது நான் சொன்ன முடிவில் ஒரு சொல்லைக் கவனித்திருப்பீர்கள்: ‘அளவீட்டின்படி’. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘மாணவிகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உயர்ந்தது’ என்று சொல்லலாமா? இங்கேதான் அந்த நான்கு பக்கம் நிஜமாகவே தேவைப்படுகிறது.

பள்ளிகளில் நடக்கும் முகாமை நின்று பார்த்தால் புரியும். பிள்ளையின் மோதிர விரல் நுனியைத் துடைத்து, ஊசியால் குத்துவார்கள். முதலில் வரும் ஓரிரு துளிகளைத் துடைத்தெறிந்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த பெரிய துளியைச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தகட்டில் எடுத்து, கையடக்கக் கருவியில் செருக வேண்டும். இது ஏட்டில் உள்ளது. நடப்பது வேறு. வரிசையில் எண்பது பேர் நிற்கிறார்கள், மழைநாள், விரல் சில்லென்று இருக்கிறது, துளி திரளவில்லை. செவிலியர் விரலைப் பிசைகிறார். பிசையும்போது இரத்தத்தோடு திசுநீரும் கலந்து வருகிறது. நீர்த்த துளியில் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பதிவேட்டில் இரத்தசோகை ஏறிவிட்டது. முழங்கை மடிப்பில் நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால் இந்தச் சிக்கல் இல்லை.

இது நாட்டளவிலேயே நடந்திருக்கிறது. 2015–16இன் நான்காம் தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 54 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று வந்தது. விரல் துளி, கையடக்கக் கருவி. ஏறத்தாழ அதே காலத்தில், 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 விழுக்காடு. நாளத்து இரத்தம், ஆய்வகம். வயது வரம்பில் வேறுபாடு உண்டு, ஆகவே பதினான்கு புள்ளி இடைவெளி முழுவதையும் ஊசியின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் சிறு குழந்தைகளிலும் இதே கதைதான்: முதல் ஆய்வில் 58.6 விழுக்காடு, இரண்டாவதில் சுமார் 41. நாட்டின் இரத்தசோகைக் கணக்கை நாளத்து இரத்தத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற வாதம் பிறகு வலுத்ததற்கு இந்த இடைவெளி ஒரு பெரிய காரணம்.

நம் அட்டவணைக்கு வருவோம். இரண்டாம் அளவீட்டில் சராசரி 11.9. வரையறை 12. அதாவது பெருங்கூட்டம் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கருவியோ எடுக்கும் விதமோ மாறி, எல்லோருக்கும் வெறும் 0.3 கிராம் கூடுதலாகக் காட்டியிருந்தது என்று வையுங்கள். அதைக் கழித்துப் போட்டால் 55 என்பது சுமார் 64ஆகிவிடும். பதினைந்து புள்ளிக் குறைவில் ஏறக்குறைய ஒன்பதை அந்த 0.3 தின்றுவிடும். கோட்டின் ஓரத்தில் கூட்டம் நின்றால், விழுக்காடு சின்ன அசைவுக்கும் பெரிதாகத் துள்ளும். சராசரியைப் பார்ப்பவருக்கு இந்த ஏமாற்றம் குறைவு.

எடுக்கும் விதம் மாறியதா என்று அட்டவணை காட்டிக்கொடுக்குமா? ஒரு தடயம் இருக்கிறது. திட்ட விலக்கம் 1.5இலிருந்து 1.1ஆகச் சுருங்கியிருக்கிறது. விரல் துளியில் ஆளுக்கு ஆள், துளிக்குத் துளி பிசகு அதிகம், ஆகவே எண்கள் அகலமாகச் சிதறும். நாளத்து இரத்தத்துக்கு மாறினால் சிதறல் குறையும். ஆனால் மாத்திரை வேலை செய்து, தாழ்ந்தவர்கள் மேலே வந்தாலும் சிதறல் குறையத்தான் செய்யும். ஒரே தடயம், இரண்டு சந்தேக நபர்கள். இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

ஆகவே இரண்டாம் வகை முடிவு: ‘இருமுறையும் ஒரே விதமாக இரத்தம் எடுத்து ஒரே வகைக் கருவியில் அளந்திருந்தால், மாணவிகளின் ஹீமோகுளோபின் சராசரியாக 0.7 கிராம் உயர்ந்தது.’ அந்த ‘இருந்தால்’ இல்லாமல் இந்த வாக்கியத்தை எழுதக் கூடாது.

மூன்றாவது, நிற்காத முடிவுகள். அறிக்கையின் முடிவுரையில் பெருமையாக ஒரு வரி: ‘மிகவும் தேவைப்பட்டவர்களே மிக அதிகப் பயன் பெற்றார்கள்.’ இரண்டாம் அட்டவணையில் 10க்குக் கீழ் இருந்தவர்கள் 1.6 கிராம் உயர்ந்ததை வைத்து எழுதியது. கேட்க நன்றாக இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள். நன்றாக இருந்த 54 பேர் 0.2 குறைந்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை யாருடைய ஹீமோகுளோபினையும் குறைப்பதில்லை. பிறகு ஏன்?

எந்த அளவீட்டிலும் கொஞ்சம் பிசகு இருக்கும். உண்மையில் 10.3 உள்ள ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு 9.7 காட்டிவிட்டது. அவள் கீழ்ப்பிரிவில் போய்விட்டாள். அடுத்த முறை சரியாக 10.3 காட்டினால், ஒன்றும் நடக்காமலேயே 0.6 உயர்ந்தவள் ஆகிறாள். உண்மையில் 11.8 உள்ளவளுக்கு 12.3 காட்டியது. அவள் மேற்பிரிவில். அடுத்த முறை 11.8 காட்டினால் குறைந்தவள் ஆகிறாள். கடையில் தராசு ஆடும்போது மிகக் குறைவாகக் காட்டிய மூட்டையைத் தனியே எடுத்து மறுபடி நிறுத்தால், பெரும்பாலும் கூடத்தான் காட்டும். மூட்டைக்குள் யாரும் அரிசி போடவில்லை. புள்ளியியலில் இதைச் சராசரி நோக்கித் திரும்புதல் என்கிறோம். முதல் அளவீட்டை வைத்தே பிரித்து, அதே முதல் அளவீட்டிலிருந்து மாற்றத்தைக் கணக்கிடும் எந்த அட்டவணையிலும் இந்தப் பிசகு அடிப்பிரிவை மேலேயும் மேற்பிரிவைக் கீழேயும் இழுக்கும். மேற்பிரிவின் அந்த 0.2 இறக்கம்தான் இந்த நோயின் அடையாளம். 1.6இல் எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு தராசால் என்று இந்த அட்டவணையிலிருந்து பிரிக்க முடியாது.

இன்னொரு தவறும் செய்யக் கூடாது. மொத்தச் சராசரியின் 0.7 உயர்வும் இதே தராசு வேலை என்று தள்ளிவிடலாமா? முடியாது. இரத்தசோகை உள்ளவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்திருந்தால் அந்த ஐயம் வரும். இந்த 180 பேரில் நல்ல நிலையில் இருந்த 54 பேரும் இருக்கிறார்கள். பொறுக்கவில்லை என்று அட்டவணையே சொல்கிறது.

நிற்காத இரண்டாவது முடிவு: ‘மாத்திரையால் உயர்ந்தது.’ இதற்கு முறைப்பகுதி கிடைத்தாலும் போதாது என்பதுதான் வேடிக்கை. மாத்திரை கொடுக்காத ஒப்பீட்டுப் பள்ளி ஒன்று இருந்திருந்தால் அதற்கென்று அட்டவணையில் ஒரு நிரல் இருந்திருக்கும். நிரல் இல்லை. ஆறு மாதத்தில் மாணவிகளுக்கு மாத்திரை மட்டுமா நடந்திருக்கும்? பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். கொக்கிப்புழு குடலில் இரத்தம் உறிஞ்சுவது. அது போனாலே ஹீமோகுளோபின் ஏறலாம். பருவம் மாறும், காய்கறி விலை மாறும், பிள்ளைகளுக்கு ஆறு மாத வயது கூடும். மாத்திரை உதவியிருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். இரும்புச்சத்து ஹீமோகுளோபினை உயர்த்தும் என்பது வேறு பல நல்ல ஆய்வுகளிலிருந்து தெரியும். ஆனால் அந்த அறிவு அந்த ஆய்வுகளுக்குச் சொந்தம். இந்த அட்டவணை அதை நிரூபித்ததாகச் சொன்னால் இரவல் நகையில் கல்யாணம் செய்வதுபோல் ஆகும்.

மறுநாள் காலை குழுவில் இந்த மூன்று வகையையும் ஒரே தாளில் வைத்தேன். ‘முறைப்பகுதியை அனுப்புங்கள்’ என்று பொதுவாக எழுதினால், பொதுவான நான்கு பக்கம்தான் வரும் என்பது என் அனுபவம். அதனால் மூன்றே கேள்விகள் எழுதி அனுப்பினோம். இரண்டு முறையும் இரத்தம் விரலிலிருந்தா, நாளத்திலிருந்தா? இரண்டு முறையும் ஒரே வகைக் கருவியா? வராத அறுபது பேர் ஏன் வரவில்லை?

நான்கு நாளில் பதில் வந்தது. திட்டத்தின் களப் பொறுப்பாளர், இளம்பெண், ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். அறுபது பேரும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள், பரிசோதனை நாளன்று அங்கே தேர்வு. இதனால்தான் வராதவர்களிலும் அதே 70 விழுக்காடு. கருவி இருமுறையும் ஒன்றே. ஆனால் முதல் முறை திட்ட ஊழியர்களே விரலில் குத்தி எடுத்தார்கள். இரண்டாம் முறை ஒரு மருத்துவ முகாமோடு சேர்த்து நடத்தியதால், முகாமுக்கு வந்த ஆய்வக உதவியாளர்கள் முழங்கை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ‘இதனால் வித்தியாசம் வருமா, சார்?’ என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

வரும் என்று எழுதினேன். எவ்வளவு வரும் என்பதை அவரே கண்டுபிடிக்கும் வழியையும் எழுதினேன்: அடுத்த சுற்றில் முப்பது நாற்பது மாணவிகளிடம், பெற்றோர் சம்மதத்தோடு, ஒரே நேரத்தில் விரலிலும் நாளத்திலும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேறுபாடு தெரிந்தால், பழைய 0.7இல் எவ்வளவு மிஞ்சும் என்று ஓரளவு சொல்லலாம்.

குழு நிதியை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டுக்குத் தந்து, ஒரே விதமாக அளக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. திருத்திய அறிக்கையில் அந்தத் தடித்த எழுத்து வரி போய், இப்படி ஒரு வரி வந்தது: ‘இருமுறையும் அளக்கப்பட்ட 180 மாணவிகளில் 12 கிராமுக்குக் கீழ் பதிவானவர்கள் 126இலிருந்து 99ஆகக் குறைந்தனர். முதல் முறை விரல் துளியிலும் இரண்டாம் முறை நாளத்து இரத்தத்திலும் அளந்ததால், இக்குறைவில் ஒரு பகுதி அளவிட்ட முறையால் வந்திருக்கலாம்.’ விளம்பரப் பலகையில் எழுத முடியாத வாக்கியம்தான். அந்த அறிக்கையில் யாரும் அசைக்க முடியாத வாக்கியமும் அது ஒன்றுதான்.